பாடநூல், நோட்டு வழங்கல் பட்டியல்: கொடுத்ததும் நிலுவையும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவரின் பையில் இருக்கும் பாடநூல் அவருக்குச் சொந்தமானது அல்ல. 1975இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டத்தின்கீழ், அதாவது ஆசிரியர்கள் எஸ்பிபிடி என்று சொல்லும் திட்டத்தின்கீழ், அரசு அதை ஓராண்டுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே இந்த இரவல் கிடைத்தது. 2008இல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் எல்லாரும் இதற்குள் வந்தார்கள். நோட்டுகளின் கதை வேறு. அவை பெற்றோர் வாங்குபவை, அல்லது பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நன்கொடையாளரோ தருபவை. மாணவர் கைக்குப் போன நோட்டு அவருக்கே சொந்தம்; திரும்பி வராது.

வழங்கல் பட்டியலின் அமைப்பு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பாடநூலுக்கு ‘எந்தப் பிரதி யாரிடம்’ என்று பதிய வேண்டும். நோட்டுக்கு ‘எத்தனை’ என்று பதிந்தால் போதும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் ஆண்டிறுதியில் எதைத் திரும்பக் கேட்பது என்பதே குழம்பிவிடும். ஈப்போவின் புந்தோங் போன்ற நகர்ப்புறப் பகுதியில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் நான்காம் ஆண்டு வகுப்பை மாதிரியாக வைத்து இந்த அத்தியாயம் வேலையை வரிசையாக விளக்குகிறது. மாதிரியில் வரும் எண்ணிக்கைகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

பட்டியலுக்கு முன்: நூலைத் திறந்து பார்ப்பது

மலேசியப் பாடநூலின் முன்பக்கங்களில் ருக்குன் நெகாரா அச்சாகியிருக்கும். அதை ஒட்டி இரவல் திட்டத்துக்கான சிறு கட்டம் ஒன்று உண்டு. பள்ளியின் பெயர், ஆண்டு, வகுப்பு, பெறுநர் பெயர், பெற்ற தேதி ஆகியவற்றுக்கு அதில் இடம் விடப்பட்டிருக்கும். கீழே ‘நொம்போர் பெரோலேஹான்’ என்று ஒரு கோடும், இந்நூல் விற்பனைக்கல்ல என்ற மலாய் வரியும் காணப்படும். அந்த நொம்போர் பெரோலேஹான், அதாவது பெறுகை எண், பட்டியலின் முதுகெலும்பு. அது எழுதப்படாத நூலை எந்த மாணவர் கையிலும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், ஆண்டிறுதியில் கிழிந்து வரும் நூல் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த அதே நூல்தானா என்று யாராலும் சொல்ல முடியாது.

வழங்கலுக்கு முன் செய்ய வேண்டியவை:

1. சென்ற ஆண்டு திரும்பி வந்த நூல்களைத் தலைப்பு வாரியாக அடுக்கி, பயன்படுத்தக்கூடியவை, பழுதானவை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். பக்கம் குறைந்த நூல், நனைந்து ஒட்டிக்கொண்ட நூல், கறையான் அரித்த நூல் ஆகியவை இருப்புக் கணக்கில் சேரா.
2. புதிதாக வந்த கட்டுகளை டெலிவரி ஆர்டருடன் ஒப்பிட்டு எண்ண வேண்டும். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பி எழுதாமல், கட்டைப் பிரித்து எண்ணுவதே முறை.
3. புதிய நூல்களுக்கு, சென்ற ஆண்டின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து பெறுகை எண் இட வேண்டும். ஒரு தலைப்புக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது.
4. தலைப்பு வாரியாகப் பயன்படுத்தக்கூடிய மொத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் ‘இருப்பு’ வரியில் வருவது இந்த எண்தான்.

*பாதுகாப்பு:* பிளாஸ்டிக் பட்டை கட்டிய கட்டுகளை அறுப்பது பெரியவர்களின் வேலை. இழுத்துக் கட்டிய பட்டை அறுந்ததும் முகத்துக்கு நேரே தெறிக்கும். மாணவர் தலைவர்களை நூல் தூக்கச் சொன்னால், ஒரு பிள்ளை ஒரு நடைக்கு இரு கைகளால் மார்போடு அணைத்துக்கொள்ளும் அளவே தூக்க வேண்டும். படிக்கட்டில் அதிலும் பாதி. ஈப்போவின் மாலை மழைக்கு எந்த அறையும் விதிவிலக்கல்ல. நூல்கள் தரையில் படாமல் பலகை மேலும், சுவரில் சாயாமல் ஒரு சாண் விலகியும் இருக்க வேண்டும்.

‘செட்’ என்ற ஒரே கட்டம் ஏன் போதாது

பல பள்ளிகளில் பெயருக்கு எதிரே ‘செட் கொடுத்தாச்சு’ என்று ஒரு டிக் மட்டும் இருக்கும். எல்லா நூலும் எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்தால் அது போதும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. வரலாறு மூன்று பிரதி குறைவாக வந்திருக்கும். ஒரு மாணவர் இஸ்லாமியக் கல்வி படிப்பவராக இருந்தால் நன்னெறி நூல் அவருக்குத் தேவைப்படாது. அவர் பெயருக்கு எதிரே டிக் போட்டால் ஒரு நூல் கூடுதலாகக் கணக்காகும். போடாவிட்டால் ஆண்டு முழுவதும் அவர் நிலுவையில் நிற்பார்.

ஆங்கிலம் இன்னொரு கண்ணி. நான்காம் ஆண்டுக்குப் பயன்படும் கெட் ஸ்மார்ட் பிளஸ் 4 பாடநூலாகவும் பயிற்சி நூலாகவும் தனித்தனியே வருகிறது. அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், அவசரத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பாடநூலும் இன்னொரு பிள்ளைக்கு இரண்டு பயிற்சி நூலும் போய்விடும். மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கும் என்பதால் தவறு உடனே தெரியாது. ஆங்கில ஆசிரியர் பக்கம் புரட்டச் சொல்லும் நாளில்தான் வெளிவரும். பாடநூல் திரும்பி வர வேண்டியது, பயிற்சி நூல் எழுதித் தீர்ப்பது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் தேவை.

பட்டியலை அமைப்பது

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் கீழுள்ள அமைப்பு வேலை செய்யும். மாதிரி வகுப்பில் 27 மாணவர்கள். ஒன்பது நூல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன: தமிழ், மலாய், ஆங்கிலப் பாடநூல், ஆங்கிலப் பயிற்சி நூல், கணிதம், அறிவியல், வரலாறு, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், நன்னெறி. உடற்கல்வி, கலை, இசை நூல்கள் உள்ள பள்ளி அவற்றுக்குரிய கட்டங்களைச் சேர்த்துக்கொண்டு, சூத்திரங்களில் எல்லையை நீட்டிக்கொள்ளலாம்.

1. A நிரலில் வரிசை எண், Bயில் பெயர், Cயில் பள்ளிப் பதிவெண். பெயர் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி தந்தை பெயரோடு இருக்க வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு கவின், மூன்று தர்ஷினி என்பது அபூர்வமில்லை.
2. D முதல் L வரை ஒன்பது நூல்கள். 3ஆம் வரியில் ஒவ்வொரு நூலின் இருப்பு. 5 முதல் 31 வரை மாணவர்கள்.
3. நூல் கொடுத்ததும் அந்தக் கட்டத்தில் பெறுகை எண்ணை எழுத வேண்டும். எண் இடாத பயிற்சி நூலுக்கு 1 என்று எழுதினால் போதும். அந்த மாணவருக்குத் தேவையே இல்லாத நூலுக்கு X. இன்னும் கொடுக்காததைக் காலியாக விட வேண்டும்.
4. M நிரலில் மாணவரின் நிலுவை, Nஇல் சரிபார்ப்பு, Oவில் காரணம், Pயில் கையொப்பம்.

மாணவர் வரிசைக்கான சூத்திரங்கள் இரண்டே:

```
M5: =COUNTBLANK(D5:L5)
N5: =COUNT(D5:L5)+COUNTBLANK(D5:L5)+COUNTIF(D5:L5,"X")
```

M அந்த மாணவருக்கு இன்னும் எத்தனை நூல் தர வேண்டும் என்று காட்டும். N எப்போதும் 9 என்று இருக்க வேண்டும். குறைந்தால் கட்டத்தில் எண்ணும் இல்லை, X-உம் இல்லை, காலியும் இல்லை. வேறு ஏதோ புகுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. எண்ணை அழிக்க ஸ்பேஸ் பொத்தானைத் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. கட்டம் காலியாகத் தெரியும், ஆனால் கணினிக்கு அது காலி இல்லை. அந்தப் பிள்ளையின் நிலுவை ஓசையில்லாமல் மறைந்துவிடும். அழிக்க Delete பொத்தானையே பயன்படுத்த வேண்டும். 0147 என்று முன்னால் சுழியத்தோடு எழுத்தாகப் பதிந்த எண்ணையும் COUNT எண்ணாது. பட்டியலில் 147 என்று எழுதினால் சிக்கல் இல்லை.

நூல் வாரியான சூத்திரங்கள் பட்டியலின் அடியில் வரும்:

```
D32: =COUNT(D5:D31)
D33: =COUNTBLANK(D5:D31)
D34: =D3-D32
D35: =MAX(0,D33-D34)
```

32ஆம் வரி கொடுத்தது, 33 நிலுவை, 34 அலமாரியில் மீதி. 35ஆம் வரிதான் இந்தப் பட்டியலின் பயன்: அலமாரியில் இருப்பதைக் கொடுத்து முடித்த பிறகும் எத்தனை நூல் குறையும் என்று அது சொல்கிறது. மேலிடத்தில் கேட்க வேண்டிய எண்ணிக்கை இதுவே. 33ஆம் வரி அல்ல. இந்த நான்கையும் L வரை இழுத்துவிட வேண்டும்.

*குறிப்பு:* ஒரே பெறுகை எண் இருவருக்குப் பதிந்திருந்தால் கட்டம் நிறம் மாறும்படி செய்யலாம். நிபந்தனை வடிவமைப்பில் `=AND(ISNUMBER(D5),COUNTIF(D$5:D$31,D5)>1)` என்ற சூத்திரம் போதும். எண் இடாத பயிற்சி நூல் நிரலை மட்டும் இதிலிருந்து விலக்க வேண்டும்.

வழங்கும் நாள்

கணினியை வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய தேவையில்லை. பட்டியலை அச்சிட்டு, கையால் நிரப்பி, அன்றே கணினியில் ஏற்றுவதுதான் பள்ளிகளுக்கு ஒத்துவரும்.

1. ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு மட்டும். மாணவர்கள் வருகைப் பதிவேட்டின் வரிசையில் நிற்க வேண்டும்.
2. நூல்களை மேசையில் பட்டியலின் நிரல் வரிசையிலேயே அடுக்க வேண்டும். முதல் அடுக்கு தமிழ், கடைசி நன்னெறி. எடுப்பவர் கையும் எழுதுபவர் பேனாவும் ஒரே திசையில் நகரும்.
3. ஒருவர் நூலைத் திறந்து பெறுகை எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். படிப்பவரே எழுதினால் எண் தாவிவிடும்.
4. கடைசி நூல் கைக்கு வந்ததும் மாணவர் கையொப்பமிட வேண்டும். முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரோ, அழைத்து வரும் தாத்தா பாட்டியோ கையொப்பமிடலாம்.
5. நூலின் உள்கட்டத்தில் பெயர், வகுப்பு, தேதி எழுதும் வேலையை வகுப்பாசிரியர் அன்றைய பாடவேளையிலேயே முடிக்க வேண்டும். வீட்டில் எழுதி வரச் சொன்னால் பாதி எழுதப்படாது.

கையொப்பம் முன்கூட்டியே வாங்குவது வழக்கமாக நேரும் பெரிய தவறு. வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று முதலில் கையொப்பம், பிறகு நூல் என்று வைத்தால், கிடைக்காத வரலாற்று நூலுக்கும் கையொப்பம் விழுந்துவிடும். ஆண்டிறுதியில் அந்தக் குடும்பம் வாங்காத நூலுக்கு ஈடு செய்ய வேண்டி வரும். காலியான கட்டங்களை மாணவருக்குக் காட்டிய பிறகே கையொப்பம்.

நிலுவையைப் பிரித்துப் பார்ப்பது: ஒரு மாதிரி

27 பேருக்கு ஒன்பது நூல் என்றால் 243. ஒரு மாணவர் இஸ்லாமியக் கல்வி படிப்பவர். அவருக்கு நன்னெறி கட்டத்தில் X. ஆகவே மொத்தத் தேவை 242. மற்ற நூல்கள் போதிய அளவு இருக்கின்றன. வரலாறு மட்டும் 24.

வழங்கும் நாளில் இருவர் விடுப்பு. வந்த 25 பேருக்கும் வரலாறு தவிர மற்றவை முழுமையாகக் கிடைத்தன. வரலாறு வரிசையில் முதல் 24 பேருக்குப் போய்விட்டது. அன்று மாலை கணக்கில் கொடுத்தது 223, நிலுவை 19.

19 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் தலைமையாசிரியருக்கு நூல் தட்டுப்பாடு பெரிதாகத் தோன்றும். உண்மையில் அதில் 16 நூல்கள், விடுப்பில் இருக்கும் இருவருக்குத் தலா எட்டாக, அலமாரியிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் வந்தால் தீரும். இல்லாதது மூன்று வரலாற்று நூல்கள் மட்டுமே. 35ஆம் வரியும் வரலாற்றுக்கு 3 என்றும் மற்றவற்றுக்கு 0 என்றும் காட்டும். காரணக் கட்டத்தில் இதை ‘விடுப்பு’, ‘இருப்பு இல்லை’ என்று பிரித்து எழுத வேண்டும். ‘வரவில்லை’ என்று எழுதினால் வராதது பிள்ளையா நூலா என்பது மறுவாரம் எழுதியவருக்கே நினைவிருக்காது.

மறுநாள் விடுப்பில் இருந்த ஒருவர் வருகிறார். எட்டு நூல் பெறுகிறார். கொடுத்தது 231, நிலுவை 11. மூன்றாம் நாள், இரண்டாமவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து அங்கே பள்ளியில் சேர்ந்துவிட்டார் என்று தெரிய வருகிறது. அவர் வரிசையை நீக்கிவிடக் கூடாது. ஒன்பது கட்டத்திலும் X இட்டு, காரணத்தில் ‘மாற்றல்’ என்றும் தேதியும் எழுத வேண்டும். இப்போது தேவை 233, கொடுத்தது 231, நிலுவை 2. இரண்டும் வரலாறு.

முதல் நாளே அவசரப்பட்டு மூன்று என்று எழுதி அனுப்பியிருந்தால் ஒரு நூல் மிஞ்சியிருக்கும். 19 என்று அனுப்பியிருந்தால் பள்ளியின் கணக்கையே யாரும் நம்பமாட்டார்கள். புந்தோங்கைச் சுற்றிய பள்ளிகளுக்கு இந்தக் கேட்பு கிந்தா உத்தாரா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். பள்ளி தொடங்கிய முதல் வாரம் முடிந்து, சேர்க்கையும் மாற்றலும் ஓரளவு அடங்கிய பிறகு 35ஆம் வரியைப் பார்த்து எழுதுவதே நல்லது. அதுவரை நூல் கிடைக்காத இருவரையும் நூல் உள்ள பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைப்பது வகுப்பாசிரியரின் பொறுப்பு.

ஆண்டின் நடுவில் மாற்றலாகிப் போகும் மாணவர் நூல்களைத் திருப்பித் தந்துவிட்டுப் போக வேண்டும். மாற்றல் படிவத்தில் தலைமையாசிரியர் கையொப்பமிடுவதற்கு முன் பாடநூல் பொறுப்பாசிரியர் பட்டியலைப் பார்த்துச் சரி சொல்லும் வழக்கம் இருந்தால், ஊர் மாறிய குடும்பத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

நோட்டுகள்

நோட்டுகளில் டிக் பயன்படாது, எண்ணிக்கைதான். முதல் ஆண்டுக்கு இரட்டைக்கோடு, பெரிய சதுரக்கட்டம், வரைதாள் நோட்டு என்று வகை வாரியாகத் தேவையை மேல் வரியில் எழுதி, மாணவருக்கு எதிரே கொடுத்த எண்ணிக்கையைப் பதிய வேண்டும். தேவை நான்கு, கொடுத்தது மூன்று என்றால் நிலுவை ஒன்று. நோட்டு ஆண்டின் பாதியில் தீர்ந்து மறுபடி கேட்கப்படும் பொருள் ஆதலால், இரண்டாம் சுற்றுக்குத் தனி நிரலும் தேதியும் வேண்டும். முதல் சுற்றின் எண்ணை அழித்து அதன் மேல் எழுதினால், யாருக்கு எத்தனை போனது என்பது தெரியாமல் போகும்.

நன்கொடையாக வந்த நோட்டும் பெற்றோர் பணம் கட்டிய நோட்டும் தனித்தனி நிரலில் இருக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் அரசு தரும் பள்ளித் தொடக்க உதவித்தொகையிலிருந்து பெற்றோர் நோட்டுக்குக் கட்டியிருந்தால், ரசீது எண்ணையும் அதே வரிசையில் எழுதிக்கொள்ளலாம்.

நோட்டுப் பணமோ சங்கக் கட்டணமோ பாக்கி என்பதற்காகப் பாடநூலை நிறுத்தி வைக்கக் கூடாது. பாடநூல் அரசின் இரவல். பள்ளியின் கட்டண வசூலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டியலின் காரணக் கட்டத்தில் ‘பணம் கட்டவில்லை’ என்ற சொல் பாடநூலுக்கு எதிரே ஒருபோதும் வரக் கூடாது.

பட்டியலின் பாதுகாப்பு

பெயர்ப் பட்டியலில் மைகிட் எண், வீட்டு முகவரி, குடும்ப வருமானம் எதுவும் தேவையில்லை. பள்ளிப் பதிவெண் போதும். நிலுவைப் பட்டியலைப் படமெடுத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வசதியாகத் தெரிந்தாலும் தவறு. யார் நோட்டு வாங்கவில்லை, யார் நன்கொடையில் வாங்கினார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். குழுவில் ‘வரலாறு இரண்டு பிரதி வர வேண்டியிருக்கிறது’ என்று சொல்லலாம். பெயர் தனியாகப் போக வேண்டும்.

கணினிக் கோப்பைத் திருத்தும் உரிமை இருவருக்கு மேல் வேண்டாம். கையொப்பமிட்ட அச்சுப் பிரதியே மூல ஆவணம். கோப்பும் தாளும் முரண்பட்டால் தாளே செல்லும்.

ஆண்டிறுதி

திரும்பப் பெறும்போது புதிய பட்டியல் தயாரிக்க வேண்டியதில்லை. வழங்கல் பட்டியலின் நகலை எடுத்து, பயிற்சி நூல் நிரலை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பெறுகை எண்ணையும் கையில் உள்ள நூலோடு ஒப்பிட்டு வட்டமிட்டால் போதும். வட்டமில்லாத எண் வராத நூல். எண் மாறி வந்தால் இரு பிள்ளைகளின் நூல் கலந்துவிட்டது. இருவரின் வரிசையையும் பார்த்தால் அங்கேயே தீர்ந்துவிடும். தொலைந்த நூலுக்குக் குடும்பம் ஈடு செய்ய வேண்டும். பயன்பாட்டில் தேய்ந்த நூலுக்கு யாரும் ஈடு செய்ய வேண்டியதில்லை. எது தேய்வு, எது சேதம் என்பதைப் பொறுப்பாசிரியர் ஒருவரே முடிவு செய்தால் வகுப்புக்கு வகுப்பு நியாயம் மாறாது.

2027 முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வரத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆகவே பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே அறையில் சில ஆண்டுகள் சேர்ந்திருக்கும். இருப்பு எண்ணும்போது தலைப்போடு பதிப்பையும் பார்க்க வேண்டும். ஒரே தலைப்பின் இரு பதிப்புகளுக்கு இரு நிரல்கள் போட வேண்டும்.